பாமினிச் செய்திகளை ஒருங்குறிக்கு மாற்றியதில் மூன்றாண்டு அனுபவம்

2005ஆம் ஆண்டு இறுதியில் சென்னையில் பெய்த பெருமழை குறித்து அப்போது நான் சேமித்து வைத்த செய்திப் பக்கங்களை இன்று திறந்தால், `nrd;id`, `nts;sk;` என்ற எழுத்துக் குவியல்தான் தெரிகிறது. கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே வெளிப்படுகின்றன. புள்ளிக்குரிய இடம் `;` என்பதால், அரைப்புள்ளிகள் மிகுந்திருந்தால் பாமினி என்று முதலில் ஐயப்படலாம். பக்கத்தின் மூலநிரலில் `<font face="Bamini">` இருந்தால் அது உறுதியாகிவிடும். மாற்றும்போது அந்தக் குறிக்குள் இருக்கும் பகுதியை மட்டுமே மாற்ற வேண்டும், இல்லையெனில் பக்கத்திலுள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும்.

நான் பயன்படுத்திய மாற்றி நன்றாகவே வேலை செய்ததாக ஓராண்டுவரை நம்பியிருந்தேன். பின்னர் ஒருநாள் மாற்றிய கோப்புகளில் 'வெள்ளம்' என்று தேடியபோது, மழைச் செய்திகளிலேயே ஓரிடமும் கிடைக்காதது என்னைத் திடுக்கிட வைத்தது. சொல் அங்கேதான் இருந்தது, ஆனால் 'வௌ்ளம்' என்று பதிவாகியிருந்தது. 'வௌியீடு', 'தௌிவு' என்பனவும் அவ்வாறே இருந்தன.

காரணம் பாமினியின் அமைப்பிலேயே உள்ளது. அதில் ஔகாரக் குறிக்குத் தனி வடிவம் இல்லை. ஒற்றைக்கொம்பு `n`, அகர உயிர்மெய்யெழுத்து, ளகரம் `s` ஆகிய மூன்றையும் வரிசையாக இட்டே 'கௌ' போன்றவற்றை அமைப்பார்கள். ஆகவே `nts` என்பது 'வௌ' ஆகவும் இருக்கலாம், 'வெள' ஆகவும் இருக்கலாம். மாற்றி அடுத்த எழுத்தைப் பார்க்காமல் எப்போதும் முதலாவதையே தேர்ந்துகொண்டது. ஆனால் ளகரத்தைத் தொடர்ந்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால், அது உண்மையான ளகரமாகத்தான் இருக்க முடியும். ஔகாரக் குறிக்குப் பின் வேறு குறி வருவது தமிழில் இல்லை என்பதால், மாற்றி முடித்த உரையையும் பைத்தானில் ஒரே வரியில் திருத்திவிடலாம்:

```
re.sub("\u0bcc([\u0bbe-\u0bcd])", "\u0bc6\u0bb3\\1", s)
```

இதன்பின் 'வெள்ளம்' தேடலில் கிடைத்தது. இதற்கு நேர்மாறான பிழையை இந்த வரி தீர்க்காது: வேறு சில மாற்றிகள் எல்லாவற்றையும் ளகரமாகவே கொள்வதால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடுகிறது, கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன. அதற்காக கௌரவம், கௌதமர், பௌர்ணமி, மௌனம் எனச் சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துகிறேன். ஒவ்வொரு தொகுப்பிலும் பட்டியலில் இல்லாத சொல் ஒன்றிரண்டு இன்னும் கிடைத்துக்கொண்டே இருப்பதால், மூலக் கோப்பு எதையும் நான் அழிப்பதில்லை.