நேரம் சரியாகக் காட்டிய கடிகாரமும் நான் ஏமாந்த கதையும்

கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேட்டரியில் ஓடும் கடிகாரத்துக்கு இது பொருந்தாது.

என் கடிகாரத்துக்கு 9 வயது. 6 வயதானபோது ஒரு கடைக்கு எடுத்துப் போய், ஆயில் சர்வீஸ் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுகிற கடிகாரத்தை எதற்கு சார் பிரிக்க வேண்டும்? நேரம் தப்பினால் கொண்டு வாருங்கள்" என்றார். செலவில்லாத அறிவுரை என்பதால் உடனே பிடித்துப்போயிற்று. உண்மையில் என்னை முதலில் கெடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டு ஆண்டு கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கழற்றி வைத்த கடிகாரம் ஞாயிறு இரவு 8.10-இல் நின்றிருந்தது. 40 மணி நேரம் ஓட வேண்டியது 23 மணி நேரத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதோடு நாளுக்குக் கால் நிமிடம் பின்தங்கவும் தொடங்கியிருந்தது. அதே கடைக்குப் போனேன். "முழு சர்வீஸ்" என்று எழுதிப் பணம் வாங்கினார். இரண்டு மணி நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முழு சர்வீஸ் என்றால் உள்ளிருக்கும் இயந்திரத்தைச் சக்கரம் சக்கரமாகப் பிரித்து, கழுவி, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, மீண்டும் கோத்து, இடத்துக்கு ஏற்ற எண்ணெயை வைத்து, பிறகு சில நாள் ஓடவிட்டுக் கவனிப்பது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்து, பின் வாங்கும் வேலை அல்ல அது.

ஆனால் கடிகாரம் அற்புதமாக நேரம் காட்டியது. தினமும் காலையில் கைப்பேசியோடு ஒப்பிட்டேன். ஒரு விநாடி, இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஒன்பது மாதம் கடைக்காரரை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் கையில் இருக்கும்போதே நின்றுவிட்டது.

இந்த முறை வேறொரு முதியவரிடம் போனேன். கடை இல்லை; ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி. அவர் முதலில் கடிகாரத்துக்கு முழுக்கச் சாவி கொடுத்து, ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியில் வைத்தார். முகப்பு மேலே பார்க்கும்படி வைத்தபோது நாளுக்கு 14 விநாடி முந்தியது. சாவிக் குமிழ் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்தினால் 12 விநாடி பிந்தியது. இரவு மேசையில் 12 மணி நேரம் படுத்திருக்கையில் 7 விநாடி லாபம். பகலில் கையில் தொங்கும் 12 மணி நேரத்தில் ஏறக்குறைய 6 விநாடி நஷ்டம். கூட்டிக் கழித்தால் ஒரு விநாடி. நான் காலைதோறும் பார்த்து மகிழ்ந்த துல்லியம் இதுதான்! இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் வந்த கணக்கு.

அந்தக் கருவியில் இன்னொரு எண்ணும் இருந்தது. கடிகாரத்தின் இதயமான பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை வீசி ஆடுகிறது என்பது அது. சாவி முழுதாக இருக்கும் நல்ல கடிகாரம் படுத்திருக்கையில் சுமார் 270 முதல் 310 பாகை வரை ஆடும். என்னுடையது 190. நிறுத்தி வைத்தால் 155.

"இவ்வளவு சோர்ந்துபோயும் எப்படி நேரம் காட்டியது ஐயா?" என்று கேட்டேன். "ஊஞ்சலை மெல்லத் தள்ளினாலும் கொஞ்சம் ஓங்கித் தள்ளினாலும் ஒரு தடவை போய்வர ஏறத்தாழ அதே நேரம்தானே தம்பி?" என்றார். பேலன்ஸ் சக்கரத்தையும் அதன் மெல்லிய சுருள்வில்லையும் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வீச்சு குறைந்துகொண்டே வந்தாலும் நேரம் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. ஆகவே நேரம் சரியாக இருப்பது உள்ளே எண்ணெய் இருப்பதற்குச் சாட்சி இல்லை. நேரம் தப்புவது கடைசியில் வரும் அறிகுறி. அதையும் ஒரு சிறு நெம்பை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். என் கடிகாரத்தில் அந்த நெம்பு முந்தும் பக்கம் ஏறக்குறைய ஓரம் வரை தள்ளப்பட்டிருந்தது. நான் பணம் கொடுத்த "முழு சர்வீஸ்" அவ்வளவுதான்.

பிறகு பிரித்துக் காட்டினார். சக்கரங்களின் அச்சு முனைகள் எஃகு; தலைமுடி அளவே இருக்கும். அவை சுழல்வது செயற்கை மாணிக்கக் கல்லில் துளைத்த குழிகளில். இரண்டுக்கும் நடுவே நிற்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துளி எண்ணெய். நாளாக ஆக அது பரவி விலகும், உலரும், தூசியோடு சேர்ந்து பிசினாகும். என் கடிகாரம் மணிக்கு 28,800 முறை துடிப்பது, அதாவது விநாடிக்கு 8. ஓர் ஆண்டுக்கு 25 கோடித் துடிப்பு. எண்ணெய் போன பிறகும் இத்தனை முறை தேய்ந்தால் எஃகுதான் தோற்கும்; மாணிக்கம் எஃகைவிடக் கடினமானது.

மூன்றாம் சக்கரத்தின் அச்சு முனையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில், கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்த கிணற்றுக் கல்லைப் போல ஒரு பள்ளம். அதைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி. தேய்ந்த எஃகு துருவாகி உதிர்ந்தது அது. இரும்புத் துரு உலோகத்தை மெருகேற்றவே பயன்படும் பொருள். அச்சைச் சுற்றி அது நின்றால் தேய்மானம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். "அவர் பணம் வாங்கியபோதே கழுவி எண்ணெய் வைத்திருந்தால் இந்தச் சக்கரம் பிழைத்திருக்கும்" என்றார். 'அவர்' யார் என்று அவருக்கும் எனக்கும் தெரியும்.

சாவிக் குமிழுக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் காய்ந்து இறுகியிருந்தது. இத்தனை நாள் அதோடுதான் மழையில் நடந்திருக்கிறேன்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்றால், தயாரிப்பாளர்கள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு என்கிறார்கள். இன்றைய செயற்கை எண்ணெய் பழையதைவிட நெடுநாள் நிற்கிறது. சில கடிகாரங்கள் அந்தக் கெடுவைத் தாண்டியும் நன்றாக இருக்கின்றன. பெட்டியில் பூட்டி வைத்தாலும் எண்ணெய்க்கு வயதாகாமல் இருக்காது. 5 ஆண்டு ஆனதும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். குமிழைத் திருகி 30, 40 சுற்று சாவி கொடுத்து, கடிகாரத்தைப் படுக்கவைத்து, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்காமல் சோதித்தால் முடிவு பொய் சொல்லும். அன்று நீங்கள் கையை அதிகம் ஆட்டாமல் இருந்திருக்கலாம். அடுத்து, முழுச் சாவியோடு ஓர் இரவு படுக்கவைத்தும், மறுநாள் இரவு மறுபடி சாவி கொடுத்துக் குமிழ் கீழே வரும்படி நிறுத்தியும் எத்தனை விநாடி மாறுகிறது என்று பாருங்கள். ஓடும் நேரம் மணிக்கணக்கில் குறைந்திருந்தாலோ, இரண்டு இரவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, காலையில் நேரம் சரியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, முன்பும் பின்பும் கருவியில் அளந்த வீச்சை, படுக்கையிலும் நிறுத்தியும், எழுதித் தரச் சொல்லுங்கள். நெம்பை மட்டும் நகர்த்துபவரால் விநாடியைத் திருத்த முடியும். வீச்சை ஏற்ற முடியாது.

முதியவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். சக்கரத்தை மாற்றி, எல்லாம் முடித்துத் தந்தபோது வீச்சு படுக்கையில் 285, நிறுத்தினால் 262. ஓட்டம் அதே வரிசையில் நாளுக்கு +5, +1 விநாடி. அந்தச் சீட்டையும் தேய்ந்த சக்கரத்தையும் ஒரு சிறு உறையில் போட்டு முதல் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார்.

"நேரம் சரியாகத்தானே சார் ஓடியது?" என்றார்.