ரங்கூன் பெரிய ஸ்டேஷனில் இரவில் இறங்கினால்: டாக்ஸியா, நடையா, சைக்காவா?

ரங்கூன் சென்ட்ரல் ஸ்டேஷனின் முகப்பு வடக்கே குன்சான் சாலையைப் பார்த்திருக்கிறது. நாம் தங்கும் மலிவு விடுதிகளோ தண்டவாளத்துக்குத் தெற்கே, போஜோ ஆங் சான் சாலையிலிருந்து இறங்கும் எண் தெருக்களில். வரைபடத்தில் ஸ்டேஷனுக்கு முதுகுப்பக்கம் என்றுதான் தெரியும். ஆனால் வாசலில் இறங்கினால் பன்சோடான் மேம்பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மாண்டலேயிலிருந்து வரும் பகல் ரயில் இரவில்தான் வந்து சேரும், அதுவும் தாமதமாகத்தான். கணவன் மனைவி, இரண்டு பெரிய பெட்டி, விடுதி 41வது தெருவில் என்று வைத்துக்கொள்வோம்.

நடக்கலாம், தூரம் பெரிதல்ல. பெட்டிச் சக்கரம்தான் சிக்கல். பாலம் ஏற்றம், நடைபாதையில் சாக்கடை மேல் போட்ட பலகைக்கற்கள் ஆடும், சில இடத்தில் கல்லே இருக்காது. கரண்ட் போன இரவில் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தோளில் ஒரு பை மட்டும் இருந்து, டார்ச்சும் இருந்தால் சரி. இந்தத் தம்பதிக்கு வேண்டாம்.

சைக்கா என்பது பக்கவாட்டில் இருக்கை பொருத்திய சைக்கிள் ரிக்‌ஷா. அதில் முன்னே பார்த்து ஒருவர், பின்னே பார்த்து ஒருவர் உட்காரலாம். பெட்டி ஏறினால் ஒருவர் இறங்க வேண்டியதுதான். இரண்டு சைக்கா பிடித்தாலும் பாலத்தில் ஓட்டுபவர் இறங்கித் தள்ளுவார். தெற்குப் பக்கத் தெருக்களுக்குள் போக அருமையான வண்டி, ஸ்டேஷனிலிருந்து அல்ல. மோட்டார் சைக்கிள் வாடகைக்குத் தேடாதீர்கள், நகருக்குள் அதற்குத் தடை.

ஆக டாக்ஸி. மீட்டர் கிடையாது, ஏறுமுன் பேச வேண்டும். வாசலில் நிற்பவர்கள் கூடுதலாகத்தான் கேட்பார்கள். போன் வேலை செய்தால் Grab என்ற டாக்ஸி ஆப்பில் தொகையைப் பாருங்கள், பேரம் பேசவாவது உதவும். அதில் பதிவு செய்யும்போது ஏறும் இடத்தைக் கவனியுங்கள்: பிளாட்பாரத்தில் நின்று பதிந்தால் குறி போஜோ சாலைப் பக்கம் விழுந்துவிடலாம், வண்டி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். டிக்கியையும் பாருங்கள். பழைய கார்களில் கேஸ் சிலிண்டர் பாதி இடத்தை அடைத்திருக்கும், பின்பக்கம் நீண்ட டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் கிடைத்தால் நல்லது.

தெரு எண்ணை மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு தெருவும் மேல், நடு, கீழ் பிளாக் என்று பிரிந்திருக்கிறது. போஜோ சாலைக்கும் அனவ்ரட்டா சாலைக்கும் நடுவில் இருப்பது மேல் பிளாக். அதைச் சொல்லாவிட்டால் டிரைவர் அனவ்ரட்டாவைத் தாண்டிக் கீழே இறக்கிவிட்டுப் போய்விடுவார், பெட்டியோடு திரும்பி ஏற வேண்டியது நீங்கள்தான். இரவில் இருபுறமும் கார் நிறுத்தி வைத்திருப்பதால் சந்துக்குள் வர மறுப்பதும் உண்டு. வாசல்வரை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

2021க்குப் பிறகு ஊரடங்கு நேரம் அடிக்கடி மாறியிருக்கிறது. மாண்டலேயில் ரயில் ஏறும் முன்பே விடுதிக்குப் போன் செய்து அதைக் கேளுங்கள். மடக்கு இரும்புக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், யார் வந்து திறப்பார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.