ஒரே ஈதர், இரண்டு வழிகள்

மண்டபம் ஊரில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். மூவிணைய பியூட்டைல் மெத்தில் ஈதர் செய்யச் சொன்னால், பாதிப் பேர் சோடியம் மெத்தாக்சைடையும் மூவிணைய பியூட்டைல் புரோமைடையும் எழுதுவார்கள். தாளில் சரியாகத்தான் தெரியும், குடுவையில் ஈதர் கிடைக்காது.

மெத்தாக்சைடு, புரோமின் இருக்கும் கார்பனைப் பின்பக்கமிருந்து தாக்க வேண்டும். அங்கே மூன்று மெத்தில் தொகுதிகள் அடைத்து நிற்கின்றன. பாம்பன் துறையில் மூன்று வள்ளங்களை நெருக்கிக் கட்டினால் நான்காவது நுழைய முடியுமா? ஆனால் மெத்தாக்சைடு வலிமையான காரம், சும்மா இருக்காது. பக்கத்துக் கார்பன்களில் உள்ள ஒன்பது ஹைட்ரஜன்களில் ஒன்றைப் பிடுங்கும், புரோமைடும் விலகிவிடும். இந்த நீக்க வினையில் கிடைப்பது 2-மெத்தில்புரோப்பீன். அது -7 டிகிரியிலேயே கொதிப்பதால் வாயுவாக வெளியேறும். புரோமின் நீரில் செலுத்தினால் நிறம் போய்விடும்.

மாற்றிப் போடுங்கள்: சோடியம் மூவிணைய பியூட்டாக்சைடு, மெத்தில் அயோடைடு. ஆல்காக்சைடு பருமனானதுதான். ஆனால் மெத்திலின் பின்பக்கம் திறந்தே கிடக்கிறது, பிடுங்கப் பக்கத்துக் கார்பனே இல்லை. 55 டிகிரியில் கொதிக்கும் ஈதர் கிடைக்கும்.

ஈரிணைய ஹேலைடிலும் நீக்க வினை போட்டி போடும். அதனால் பருத்த பக்கத்தை எப்போதும் ஆல்காக்சைடாகவே வைக்கச் சொல்வேன். இரண்டு பக்கமும் மூவிணையம் என்றால் இந்த முறையையே விட்டுவிட வேண்டும்.