நான்கு கடன்களை அடைத்த அனுபவம்: பனிப்பந்து முறையா, அதிக வட்டி முதலிலா?

2023 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்தில் மாதச் சம்பளக்காரனான எனக்கு நான்கு கடன்கள் இருந்தன. கடனட்டையில் 180,000 ரூபா (ஆண்டு வட்டி 28 வீதம்), நகை அடைவில் 90,000 (18 வீதம்), கூட்டுறவுச் சங்கத்தில் 60,000 (குறைந்துசெல்லும் மீதிக்கு 12 வீதம்), கைத்தொலைபேசித் தவணையில் 6,000 ரூபா வீதம் ஆறு மாதங்கள். கடன் அடைக்க மாதம் 40,000 ரூபாவை ஒதுக்க முடிந்தது.

சிறிய கடனை முதலில் முடித்து, அதன் தவணைப் பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்புவது பனிப்பந்து முறை. மற்றையது, குறைந்தபட்சக் கொடுப்பனவுகளைச் செலுத்தியபின் எஞ்சுவதை எல்லாம் வட்டி கூடிய கடனுக்கே கொடுப்பது. இரண்டையும் மாதம் மாதமாகக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். வட்டி முறையில் மொத்த வட்டி ஏறத்தாழ 33,300 ரூபா. பனிப்பந்து முறையில் 41,800. கடனட்டை கடைசிவரை காத்திருப்பதே இந்த 8,500 ரூபா வித்தியாசத்திற்குக் காரணம்.

ஆனால் வட்டி வீதத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. தொலைபேசித் தவணையில் வட்டி முன்கூட்டியே விலையுடன் சேர்க்கப்பட்டிருந்தது. முன்னதாகக் கட்டினாலும் கழிவு இல்லை என்று கடையில் கூறிவிட்டார்கள். ஆகவே, அதைச் சீக்கிரம் முடிப்பதால் ஒரு ரூபாவும் மிச்சமாகாது. அப்படி இருந்தும் அதையே முதலில் முடித்தேன். அந்தப் பணம் கடனட்டைக்குப் போயிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய ஏறக்குறைய 2,000 ரூபாவை இழந்தேன் என்பது உண்மை. ஆயினும் நவம்பருக்குப் பின் கட்டாயத் தவணைகள் 6,000 ரூபாவால் குறைந்ததால், டிசம்பரில் அம்மாவின் கண் சிகிச்சைக்கு மீண்டும் அட்டையை நீட்ட வேண்டிய நிலை வரவில்லை. அது எனக்குப் பெறுமதியான 2,000 ரூபா.

பனிப்பந்து முறையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன். அடுத்த சிறிய கடன் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. 12 வீதக் கடனை அடைப்பதற்காக 28 வீதக் கடனை வளரவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே பணம் கடனட்டைக்கும், அது முடிந்த பின் அடைவுக்கும் போனது. மனைவியின் சங்கிலி நல்லூர்த் திருவிழாவிற்கு முன்பே வீடு வந்தது. சங்கத்தின் சிறு மீதியை ஓகஸ்டில் கட்டினேன்.

கடனட்டையில் மீதி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதை அறியாமல் முதல் மாதம் அட்டையில் அரிசியும் பால்மாவும் வாங்கி, கட்டிய பணத்தில் ஒரு பகுதியை வீணாக்கினேன். அதன்பின் அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏப்ரலில் பட்டியலில் இருந்த முழுத் தொகையையும் செலுத்திய பின்னரும், மே மாதப் பட்டியலில் சில நூறு ரூபா வட்டி வந்திருந்தது. பட்டியல் தயாரான நாளுக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டி, அடுத்த பட்டியலில் பூச்சியத்தைக் கண்ட பிறகே கொப்பியில் அந்த வரியை வெட்டினேன்.