கேமராவுக்குக் கூச்சப்படும் ஒரு டாக்டரின் இரண்டு வருட வீடியோ அனுபவம்

நான் பொது மருத்துவர். இரண்டு வருடமாக வாரம் ஒரு வீடியோ போடுகிறேன். நோயாளி எதிரில் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். கேமராவை ஆன் செய்தால் தோள் இறுகும், குரல் மெலியும். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் வீடியோ தவறாமல் வருவதற்குப் பதிவு செய்யும் முறையை மாற்றியதுதான் காரணம்.

முதலில் எழுதி மனப்பாடம் செய்தேன். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம் போனது. அப்புறம் போனில் டெலிபிராம்ப்டர் ஆப் போட்டேன். மறதிப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் வாசிக்கிறேன் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. போனை 60 செ.மீ. தூரத்தில் வைத்திருந்தேன். எழுத்து லென்ஸுக்கு 10 செ.மீ. பக்கவாட்டில் ஓடியது. அந்தத் தூரத்தில் பார்வை 9 பாகைக்கு மேல் விலகும். கேமராவை 2 மீட்டர் தள்ளி வைத்து ஜூம் செய்தால், அதே 10 செ.மீ. 3 பாகைக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் விலகினால் உடனே தெரிகிற பார்வை, லென்ஸுக்குச் சற்றுக் கீழே போனால் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் எழுத்தைக் குறுகிய பத்தியாக்கி லென்ஸுக்கு நேர் கீழே வைத்தேன். கண் சரியானது. பேச்சு மட்டும் வாசிப்பாகவே இருந்தது.

ஏன் என்று புரிய நாளானது. கிளினிக்கில் நான் பேசும்போது எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், புருவத்தைச் சுருக்குவார். அதைப் பார்த்துத்தான் அடுத்த வாக்கியம் பிறக்கிறது. லென்ஸ் எதையும் காட்டாது. எனக்குத் தேவைப்பட்டது கேட்கும் ஓர் ஆள்.

இப்போது எங்கள் நர்ஸ் கேமராவுக்குப் பின்னால் தாழ்ந்த ஸ்டூலில் உட்காருகிறார். அவர் கண் லென்ஸுக்கு ஒரு சாண் கீழே இருக்கும். போனின் பின்பக்கக் கேமராவில்தான் எடுக்கிறோம். முன்பக்கக் கேமராவில் என் முகமே எனக்குத் தெரிவதால் பார்வை அங்கேயே போய்விடுகிறது. ஸ்கிரிப்ட் கிடையாது. அவர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன். கேள்வியை எடிட்டில் வெட்டிவிடுவோம். அதனால் பதிலின் முதல் வாக்கியத்திலேயே கேள்வியும் அடங்கியிருக்க வேண்டும். இந்தப் பழக்கம் வர எனக்கு நான்கைந்து வீடியோ பிடித்தது.

வீட்டில் பிபி பார்ப்பது பற்றிய வீடியோவை எடுத்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்டில் "இரத்த அழுத்தத்தை அளவிடும் முன் கடைப்பிடிக்க வேண்டியவை" என்று தொடங்கியிருந்தேன். நர்ஸ் கேட்டது இது: "சார், மெஷின்ல ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வருதேன்னு கேக்குறாங்களே, ஏன்?" நான் சொன்னேன்: "ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வருதுன்னா மெஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. முதல்ல 5 நிமிஷம் பேசாம உட்காருங்க." கையைத் தொங்கப் போட்டால் என்ன ஆகும் என்று அவர் இடைமறித்தார். இதயத்தின் உயரத்தில் கை இல்லாமல் கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று விளக்கினேன். அந்த இடைமறிப்பு இல்லாவிட்டால் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். 6 நிமிடம் பேசியதில் 1 நிமிடம் 40 நொடி மிஞ்சியது.

இந்த முறையில் ஒரு உண்மையான ஆபத்து உண்டு. அதே பதிவில், 1 நிமிட இடைவெளியில் இரண்டாவது அளவு எடுக்கச் சொல்லும்போது "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டேன். எடிட்டில்தான் பிடிபட்டது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இது சின்ன விஷயமில்லை, பார்ப்பவர் அப்படியே செய்வார். அதனால் எண்களை மட்டும் ஒரு அட்டையில் எழுதி ஸ்டூல் அருகே ஒட்டுகிறோம். வெட்டி முடித்ததை, படம் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒரு முறை கேட்கிறேன். முகம் பார்த்தால் கூச்சத்தில் கவனம் சிதறி, பிழை தப்பிவிடுகிறது.

இன்னொன்று, கேள்வி கேட்பவர் குறிப்பிட்ட நோயாளி ஒருவரை நினைத்துக் கேட்டால் பதிலிலும் அவர் வந்துவிடுவார். வயது, வேலை என்று இரண்டு விவரம் போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு பதிவை முழுதாக அழித்திருக்கிறேன்.

மாதம் ஒரு நாள் உட்கார்ந்து நான்கு வீடியோ எடுக்கிறோம். ஐந்தாவதில் குரல் தளர்ந்துவிடும். முதலாவது எப்போதும் இறுக்கமாகவே வருகிறது, அதைக் கடைசியில் திரும்ப எடுக்கிறேன். இரண்டு வருடம் கழித்தும் இந்த வரிசை மாறவில்லை.