கோகோபீட் கழுவல்: வெறும் தண்ணீரா, கால்சியம் நைட்ரேட்டா?

மாடித்தோட்டத்துக்கு வாங்கும் 650 கிராம் கோகோபீட் கட்டியைப் பிழிந்த சாறு தெளியும் வரை கழுவுவது பலரின் வழக்கம். கழுவுவது அதிலுள்ள உப்பைப் போக்கத்தான், ஆனால் நிறத்தை வைத்து உப்பைக் கணக்கிட முடியாது. அந்தப் பழுப்பு தேங்காய் மட்டையின் கறை. உப்பு கண்ணுக்குத் தெரியாது, டிடிஎஸ் மீட்டர்தான் காட்டும்.

வெறும் தண்ணீர் முறை எளிது. கட்டியை 4 லிட்டர் தண்ணீரில் ஊறவிட்டு உதிர்த்ததும், இன்னும் 5 லிட்டர் ஊற்றிக் கலக்கி அரைமணி நேரம் விட்டு, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீர் மீட்டரில் 300 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பிழிசாறு 1,200 காட்டலாம். மேலும் இரண்டு முறை அலசியபின் 400 அருகே வந்தால் போதும், 300-க்குக் கீழே அது இறங்காது. போர் தண்ணீரே 1,500 காட்டுகிற வீட்டில் எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. மழைநீரைப் பிடித்துவைத்துக் கழுவுங்கள்.

ஆனால் மீட்டர் இறங்கிவிட்டதால் எல்லா உப்பும் போய்விட்டதாகாது. தண்ணீரில் கரைந்து நிற்கும் உப்பு மட்டுமே இப்படி வெளியேறும். சோடியமும் பொட்டாசியமும் நாரின் துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு நாம் உரத்தில் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துவைத்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் கிடைக்காமல் போகும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடமாற்றத்தைச் செடி வைக்கும் முன்பே முடித்துவிடுவதுதான் கால்சியம் நைட்ரேட் முறை. முதலில் மேலே சொன்னபடி கழுவிவிட்டு, லிட்டருக்கு 4 கிராம் வீதம் கரைத்த 5 லிட்டர் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிய வேண்டும். காலையில் மீட்டர் திடீரென்று எகிறும். பயப்பட வேண்டாம், வெளியே வந்த சோடியமும் மிச்சக் கால்சியம் நைட்ரேட்டும் சேர்ந்து காட்டும் கணக்கு அது. நல்ல தண்ணீரில் இரண்டு அலசல் விட்டால் இறங்கிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மண், மட்கிய எரு, கோகோபீட் மூன்றும் சம அளவில் கலக்கிற தொட்டிக்கு வெறும் தண்ணீரே போதும் என்பேன். மண்ணிலும் எருவிலும் உள்ள கால்சியம் கைகொடுக்கும். கோகோபீட்டே பெரும்பகுதியாக இருக்கும் குரோ பேக்கில் தக்காளி, மிளகாய், குடைமிளகாய் வைப்பவர்கள் கால்சியம் நைட்ரேட்டைத் தவிர்க்கக் கூடாது. ஒரு கட்டிக்கு 20 கிராம்தான் செலவு. ‘குறைந்த இசி’ என்று அச்சிட்ட கட்டி வாங்கினால் அலசும் வேலை குறையும். ஆனால் அந்தச் சொல் கரைந்த உப்பை மட்டுமே குறிக்கிறது, கால்சியம் ஏற்றியது என்று ஆகாது.

எந்த முறையானாலும் கலக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வந்தால் பதம். ஒழுகினால் நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். ஈரம் கூடிய கலவையில் காற்றோட்டம் இருக்காது, நாற்றின் வேர் அழுகும்.