போன தீபாவளிக்கு நான் ஏமாந்தேன், என்னால் நீங்களும்: இந்த வருடம் ஜாக்கெட் துணியைச் சீக்கிரம் கொடுங்கள்

நம்ம கடைக்கு வழக்கமாக வரும் அக்காக்கள், தங்கச்சிகள், டீச்சர்கள் எல்லோருக்கும் வணக்கம். துணி வாங்கும் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் தேதியைச் சொன்னால் "இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான் கெடு வைக்கும், கொண்டு போனா வாங்கிக்கும்" என்று நீங்கள் சிரித்துக்கொள்வீர்கள், நானும் வாங்கிக்கொள்வேன். போன வருடம் அப்படி வாங்கிக்கொண்டதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அக்டோபர் 10 ராத்திரி கடையை அடைக்கும் முன் பைகளை எண்ணினேன், லைனிங் ஜாக்கெட் மட்டும் 96 இருந்தது. கடையில் தைப்பவர்கள் இரண்டு பேர். வெட்டுவது நான். கொக்கி, காஜா, ஹெம்மிங் எல்லாம் பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் வைத்து முடித்துக் கொடுப்பார். லைனிங் ஜாக்கெட் ஒன்றை ஒழுங்காகத் தைத்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு நாலுதான் தைக்க முடியும், ஆறு தைத்தேன் என்றால் எங்கேயோ ஒப்பேற்றியிருக்கிறார் என்று அர்த்தம். ஆக ஒரு நாளைக்கு எட்டு. 11ஆம் தேதியிலிருந்து 18 வரை எட்டு நாளில் 64. ராத்திரி நான் உட்கார்ந்தால் இன்னொரு 14. 19ஆம் தேதி முழுக்க கொக்கி வைக்கவும், பிடித்து விடவும், கொடுக்கவும் போய்விடும். மீதி 18 ஜாக்கெட்டுக்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை.

அந்த 18 பேரிடமும் அடுத்த நாளே போன் போட்டு "என்னால் முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாடிக்கை போய்விடும் என்ற பயம்தான்.

ஊருக்கு அந்தப் பக்கம் ஐந்து மெஷின் போட்டு கடைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். இரண்டு ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினார், கழுத்துப் பைப்பிங் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒன்றுக்கு 250 ரூபாய் கூலி, 17ஆம் தேதி கொடுத்துவிடுகிறேன், முன்பணம் 2,000 வேண்டும் என்றார். கொடுத்தேன். இங்கேதான் இரண்டு தப்பு செய்தேன். முதலாவது, வெட்டிக் கொடுக்காமல் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் அப்படியே கொடுத்தது. வெட்ட எனக்கு நேரமில்லை. இரண்டாவது, 18இல் 11க்குத்தான் நான் நனைத்துக் காயவைத்த லைனிங் இருந்தது. மற்ற ஏழுக்கு "நாங்களே காட்டன் லைனிங் போட்டுக்கிறோம் மேடம், தனியா காசு மட்டும் கொடுத்துடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

17ஆம் தேதி போன் எடுத்தார், நாளைக்கு என்றார். 18ஆம் தேதி எடுக்கவில்லை. 19ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பையன் மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மீதிக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். வெளியே நீங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தீர்கள், எண்ணிப் பார்க்கக்கூட விடவில்லை. எண்ணியபோது 15 இருந்தது. மூன்றைக் காணோம். அதற்குப் பிறகு அந்த நம்பர் அணைந்தே இருந்தது. அந்த மூன்றும் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் வந்தது, அதுவும் நானே ஆட்டோ பிடித்துப் போய் வாசலில் உட்கார்ந்ததால்.

வந்த 15இல் ஆறு உடம்பை இறுக்கிப் பிடித்தது. அதில் ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த டீச்சர் சொல்லலாம் என்று சொல்லிவிட்டார். பட்டுச்சேலையோடு வந்த ஜாக்கெட் துணி, 80 சென்டிமீட்டர், கையில் பார்டர் வரவேண்டும். அளவு ஜாக்கெட் சுற்றளவு 36. இப்போது கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறது, ஒரு அங்குலம் லூஸ் வைக்கச் சொல்லி நான் துண்டுச்சீட்டு எழுதி அளவு ஜாக்கெட்டில் குத்திக் கொடுத்திருந்தேன். அங்கே அந்தச் சீட்டை யாரும் பார்க்கவில்லை. அதோடு ஒரே மாதிரி அளவு என்று கண்ணுக்குப் பட்ட நாலு துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறார்கள். அடியில் கிடந்த துணி வழுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் ஆம்ஹோல் மற்ற பக்கத்தை விட அரை அங்குலம் சின்னது.

ராத்திரி பதினொரு மணிக்குக் கொக்கி போட முடியாமல் அவர் நின்றார். வழக்கமாக இதற்கு வழி உண்டு. பக்கத் தையலை உட்புறம் திருப்பினால் ஓரத்தில் ஒரு அங்குலத்துக்குத் துணி விட்டிருக்கும், வெளித் தையலைப் பிரித்துவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. திருப்பிப் பார்த்தேன். கால் அங்குலம்தான் இருந்தது, அதையும் ஓவர்லாக் மெஷின் கடித்துவிட்டது. துணியை மிச்சம் பிடித்து என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை, வெட்டிய மீதித் துண்டு ஒன்றுகூட பையில் திரும்பி வரவில்லை. பட்டில் இன்னொரு தொல்லை, தையலைப் பிரித்தால் ஊசி போன தடம் அப்படியே புள்ளி புள்ளியாக நிற்கும். கடைசியில் டீச்சரே சேலையில் இடுப்பில் செருகும் ஓரத்திலிருந்து ஒரு சாண் வெட்டிக்கொள்ளச் சொன்னார். வெட்டி, இரண்டு அக்குளிலும் பட்டி வைத்துக் கொடுத்தேன். கையைத் தூக்கினால் தெரியும். விடியற்காலை ஒன்றரைக்கு வாங்கிக்கொண்டு போனார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட தேவலை என்றிருந்தது.

லைனிங் விஷயம் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. முதல் துவைப்புக்குப் பிறகு நாலு பேர் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டில் முதுகுப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. காட்டன்தான், ஆனால் நனைக்காத காட்டன். புதுக் காட்டன் லைனிங் முதல் தண்ணீரில் மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரைகூடச் சுருங்கும், மேல் துணி சுருங்காது, இரண்டையும் சேர்த்துத் தைத்திருப்பதால் மேல் துணி உப்பிக்கொண்டு நிற்கும். இதை அயர்ன் போட்டுச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் நாங்கள் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து, அயர்ன் போட்டுப் பிறகு வெட்டுகிறோம். ஐப்பசி மழையில் அது காயவே இரண்டு நாள் ஆகும், துணியைக் கடைசி நேரத்தில் கொடுத்தால் இந்த இரண்டு நாள்தான் முதலில் பறிபோகும். மற்ற இரண்டும் காட்டனே இல்லை. ஓரத்தில் நாலு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். காட்டன் என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக விரலில் உருண்டது. பாலியஸ்டர். வியர்வையை இழுக்காது, உடம்பு கசகசக்கும், காட்டன் விலைக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்.

அந்த ஆறு ஜாக்கெட்டுக்கும் மூன்று தாமதத்துக்கும் கூலி வாங்கவில்லை, லைனிங் மாற்றிய நாலுக்கும் நானே செலவு செய்தேன். கணக்குப் பார்த்தால் அந்தத் தீபாவளியில் எனக்கு மிஞ்சியது ஆட்களுக்கு வாங்கிய ஸ்வீட் டப்பா மட்டும்தான், அதை விடுங்கள்.

நீங்கள் எந்தக் கடையில் கொடுத்தாலும், என் கடையிலும்தான், வாங்கும்போது உடனே பையில் போடாமல் ஜாக்கெட்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு வெளியே ஒரு அங்குலம் துணி இருக்கிறதா, மீதித் துண்டு பையில் இருக்கிறதா என்று பாருங்கள். துணி கொடுக்கும்போதே "இதை இங்கேயே வெட்டுவீர்களா, வெளியே கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். வெளியே தைக்கக் கொடுப்பதில் தப்பில்லை, நிறைய கடைகள் அப்படித்தான் ஓடுகின்றன. வெட்டு கைமாறினால்தான் ஆபத்து. தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆரி வேலை வேண்டுமென்றால் துணி அக்டோபர் 3ஆம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும். ஆரிக்கு முதலில் உங்கள் அளவில் துணியில் வரைந்து, ஃபிரேமில் கட்டி, வேலை முடிந்து வந்த பிறகுதான் வெட்டவே முடியும், வேலைப்பாடு போட்ட பிறகு அளவை மாற்றவும் முடியாது, அதனால் நேரில் வந்து அளவு கொடுங்கள். பட்டு ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், சுடிதார் எல்லாம் அக்டோபர் 17 வரை. அடுத்த நாள் ஞாயிறு, 19 ஆயுதபூஜை, மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் விஜயதசமி வரை பெடலில் கால் வைக்க மாட்டோம். லைனிங் இல்லாத சாதா ஜாக்கெட் அக்டோபர் 24 வரை. சேலைக்கு ஃபால்ஸ், பிகோ மட்டும் என்றால் நவம்பர் 2 வரைகூடக் கொண்டு வரலாம்.

இந்தத் தேதிக்குள்ளும் ஒரு நாளைக்கு எட்டு பைக்கு மேல் வாங்க மாட்டேன். எட்டு முடிந்துவிட்டால் அடுத்த நாள் சீட்டு எழுதிக் கொடுப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அளவு ஜாக்கெட் கொண்டு வரும்போது இப்போது போட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைக் கொண்டு வாருங்கள், கல்யாணத்துக்குத் தைத்தது வேண்டாம், அதில் எனக்கு உங்கள் பழைய உடம்புதான் தெரியும். சேலையிலிருந்து ஜாக்கெட் துணியை நீங்களே கிழித்துவிடாதீர்கள், சேலையோடு வாருங்கள், ஓரம் பார்த்து நான் வெட்டிக்கொள்கிறேன்.

நவம்பர் 1 ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து எல்லோரும் வந்து போட்டுப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் பிரித்துவிட ஐந்து நாள் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை 6ஆம் தேதியோடு கொடுப்பதை முடித்துவிடுவேன், அன்று ராத்திரி பஸ்ஸில் எங்கள் ஆட்கள் இருவரும் ஊருக்குப் போகிறார்கள்.

போன வருடம் தீபாவளி முடிந்து ஜாக்கெட் வாங்கிய மூன்று பேரும், அக்குள் பட்டி டீச்சரும் இந்த வருடம் ஆளுக்கு ஒரு துணி கொண்டு வாருங்கள், கூலி வேண்டாம். டீச்சர், அந்தப் பட்டு ஜாக்கெட்டையும் எடுத்து வாருங்கள், அதே கலரில் நல்ல பட்டுத் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது, கையை மட்டும் பார்டரோடு வைத்துக்கொண்டு உடம்பை மாற்றிவிடலாமா என்று பார்க்கலாம்.